சைக்கிள் ஆய்வின் கடைசிப் பத்தி: ஒரு பரிந்துரையைத் திருத்திய விவரம்

பொருளாதாரத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் ஒரு மாணவி, முறையியல் வகுப்புக்காக எழுதிய கட்டுரையை எனக்கு அனுப்பியிருந்தார். "அக்கா, ரிசல்ட்ஸ் எல்லாம் சரியாத்தான் இருக்கு. கடைசிப் பத்தியை மட்டும் பாருங்க, கைடு சிவப்பு மையால கோடு போட்டுத் திருப்பிட்டார்" என்று கூடவே ஒரு வரி. அந்தக் கடைசிப் பத்திதான் கொள்கைப் பரிந்துரை. எட்டு வரிகூட இல்லாத அந்தப் பத்திக்கு நாங்கள் இரண்டு மாலைகள் செலவழித்தோம். அந்த வேலை எப்படிப் போனது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கட்டுரை, ஏற்கெனவே வெளியான ஓர் ஆய்வை அதே தரவை வைத்து மறுபடி செய்து பார்க்கும் பயிற்சி. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் பீகாரின் சைக்கிள் திட்டத்தைப் பற்றிச் செய்து 2017-இல் வெளியிட்ட ஆய்வு அது. மாணவிக்குக் கிடைத்த எண்கள் அச்சான எண்களோடு ஏறக்குறைய ஒத்துப்போயின. குழப்பம் வராமல் இருக்க, இந்தக் கட்டுரையில் அச்சான எண்களையே பயன்படுத்துகிறேன்.

முதலில் ஆய்வு என்ன செய்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பீகார் அரசு 2006-இல், ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகள் சைக்கிள் வாங்கிக்கொள்ளப் பணம் தரத் தொடங்கியது. தொடக்கத்தில் ஆளுக்கு 2,000 ரூபாய். பணம் பள்ளி வழியாக வந்தது, வாங்கியதற்கு ரசீது காட்ட வேண்டும். சில ஆண்டுகளில் பெண்களின் சேர்க்கை கூடியது கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் பீகாரில் அந்தக் காலத்தில் மாறியது சைக்கிள் மட்டும் இல்லை. 2005 கடைசியில் ஆட்சி மாறியது. சாலைகள், சட்டம் ஒழுங்கு, பள்ளிச் செலவு என்று பலவும் சேர்ந்தே மாறின. அதனால் முன்னும் பின்னும் எண்ணிக்கையை வைத்துக் கழித்துப் பார்த்தால் போதாது.

ஆய்வாளர்கள் மூன்று முறை கழித்தார்கள். திட்டத்துக்கு உட்பட்ட 14–15 வயதினரையும், அது வருமுன் அந்த வயதைக் கடந்துவிட்ட 16–17 வயதினரையும் ஒப்பிட்டார்கள். அதே கணக்கை ஆண்பிள்ளைகளுக்குச் செய்து, பெண்களின் மாற்றத்திலிருந்து கழித்தார்கள். பிறகு அந்த மொத்தக் கணக்கையும் ஜார்க்கண்டுக்குச் செய்து, பீகாரின் விடையிலிருந்து கழித்தார்கள். 2000 நவம்பர் வரை ஜார்க்கண்ட் பீகாரின் ஒரு பகுதி. பல விதத்தில் ஒத்த ஊர்கள், ஆனால் அங்கே இந்தத் திட்டம் இல்லை. இதைத்தான் ட்ரிபிள் டிஃபரன்ஸ் என்கிறார்கள். தரவு 2007–08-இல் எடுக்கப்பட்ட மாவட்ட அளவிலான குடும்ப நலக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது. அதாவது திட்டம் தொடங்கிக் கொஞ்ச காலத்திலேயே எடுத்த படம் இது.

இனி மாணவி எழுதியிருந்த பத்தி:

"சைக்கிள் வழங்கியதால் பெண்களின் இடைநிலைக் கல்விச் சேர்க்கை 32 சதவீதம் உயர்ந்து, கல்வித் தரமும் மேம்பட்டுள்ளது. எனவே இந்தியாவின் எல்லா மாநிலங்களும் பள்ளி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் வழங்க வேண்டும். புதிய பள்ளிகள் கட்டுவதையும் உதவித்தொகை தருவதையும் விட இதுவே சிக்கனமான வழி. சைக்கிள் திட்டங்கள் சமூகத்தின் பார்வையை மாற்றி, குழந்தைத் திருமணத்தைக் குறைத்து, பெண்களை வேலைக்கு அழைத்து வரும். தமிழ்நாட்டிலும் இத்திட்டத்தை விரிவுபடுத்த வேண்டும்."

படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் இதில் உள்ள சிக்கலும். ஒவ்வொரு வாக்கியமும் நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டது, பெண்பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதனால் ஆதாரம் எங்கே முடிந்தது, ஆசை எங்கே தொடங்கியது என்பது படிப்பவர் கண்ணில் படாமலேயே போய்விடுகிறது.

நான் இப்படிப் பத்திகளுக்கு எப்போதும் செய்வது ஒன்றுதான். பத்தியை இரட்டை இடைவெளி விட்டு அச்செடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் அதற்கு ஆதாரமான அட்டவணை எண்ணைப் பென்சிலில் எழுதச் சொல்வேன். மாணவி எழுதினார். முதல் வாக்கியத்தின் முதல் பாதிக்கு ஓர் எண் வந்தது. இரண்டாம் பாதிக்கு வேறொரு அட்டவணையின் எண், அதன் பக்கத்தில் அவரே ஒரு கேள்விக்குறியும் போட்டார். மீதி நான்கு வாக்கியங்களின் ஓரமும் வெள்ளையாகவே இருந்தது. அவர் அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, புரியுது" என்றார். உண்மையில் வேலை அப்போதுதான் தொடங்கியது. ஓரம் வெள்ளையாக இருக்கும் வாக்கியத்தை வெட்டிவிடுவது சுலபம். எண் இருந்தும் தவறான செய்தி சொல்லும் வாக்கியத்தைச் சரிசெய்வதுதான் கடினம்.

அந்த 32 சதவீதத்தை எடுத்துக்கொள்வோம். எண் சரி. ஆனால் செய்தித்தாள் படிக்கும் ஒருவரோ, கோப்பில் குறிப்பு எழுதும் ஓர் அதிகாரியோ இதை எப்படிப் படிப்பார்? நூறு பெண்களில் 32 பேர் புதிதாகப் பள்ளிக்கு வந்தார்கள் என்று படிப்பார். நடந்தது அது இல்லை. உரிய வயதில் ஒன்பதாம் வகுப்பை எட்டிய பெண்களின் பங்கு பீகாரில் மிகக் குறைவாக இருந்தது. நூற்றுக்குப் பதினாறு பேர் என்ற அளவு. அதன் மீது சுமார் 5 சதவீதப் புள்ளி கூடியது, அதாவது நூற்றுக்கு இன்னும் ஐந்து பேர். பதினாறின் மீது ஐந்து என்பது முப்பதைத் தாண்டிய சதவீதம். இரண்டும் ஒரே விடைதான், ஆனால் பரிந்துரை எழுதும்போது எதைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்துப் படிப்பவரின் எதிர்பார்ப்பு மாறிவிடும்.

இதில் பணக்கணக்கும் அடங்கியிருக்கிறது. சைக்கிளுக்கான பணம் புதிதாக வந்த ஐந்து பேருக்கு மட்டும் போவதில்லை. திட்டம் இல்லாவிட்டாலும் வந்திருக்கக்கூடிய பதினாறு பேருக்கும் போகிறது. தோராயமாகப் பார்த்தால் 21 சைக்கிளுக்கு 5 புதிய மாணவிகள், அதாவது ஒரு புதிய மாணவிக்கு நான்குக்குச் சற்று மேல். ஒரு சைக்கிள் 2,000 ரூபாய் என்றால், கூடுதலாகச் சேர்ந்த ஒரு மாணவிக்கு 8,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. இது நான் தாளின் ஓரத்தில் போட்ட கணக்குதான், நிர்வாகச் செலவோ தனியார் பள்ளிப் பிள்ளைகளோ இதில் இல்லை. பள்ளிக்கு எப்படியும் வந்திருக்கும் மாணவிக்குச் சைக்கிள் கிடைத்ததை வீண் என்று நான் சொல்லவே மாட்டேன். தினமும் நடந்துபோன பெண்ணுக்கு அது பெரிய விஷயம். ஆனால் "சேர்க்கையைக் கூட்ட இதைச் செய்யுங்கள்" என்று பரிந்துரைத்தால், படிப்பவர் போட வேண்டிய கணக்கு இதுதான். அந்தக் கணக்கைப் போடத் தேவையான இரண்டு எண்களும் பத்தியில் இருக்க வேண்டும். அதனால் புதிய பத்தியில் சதவீதப் புள்ளியை முன்னால் வைத்து, 32 சதவீதத்தை அடைப்புக்குறிக்குள் தள்ளினோம்.

அடுத்து, கேள்விக்குறி போட்ட அந்தப் பாதி வாக்கியம்: "கல்வித் தரமும் மேம்பட்டுள்ளது." ஆய்வில் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வைப் பற்றிய முடிவு இருக்கிறது. தேர்வு எழுதிய பெண்களின் எண்ணிக்கை 18 சதவீதமும், தேர்ச்சி பெற்றவர்களின் எண்ணிக்கை 12 சதவீதமும் கூடின. இரண்டும் நல்ல செய்தி. தேர்ச்சி பெற்றவர்கள் கூடியிருக்கிறார்கள், அதனால் தரம் உயர்ந்தது என்று மாணவி எடுத்துக்கொண்டார்.

ஒரு கற்பனை ஊரை வைத்துப் பார்த்தோம். முன்பு 100 பெண்கள் எழுதி 70 பேர் தேர்ச்சி பெற்றார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது எழுதுபவர்கள் 118, தேர்ச்சி பெறுபவர்கள் 78 பேர். தேர்ச்சி விகிதம் 70-லிருந்து 66-க்கு இறங்கிவிட்டது. அப்படியென்றால் தரம் குறைந்துவிட்டது என்று எழுதலாமா? அதுவும் கூடாது. புதிதாக வந்தவர்கள் சைக்கிள் இல்லாவிட்டால் தேர்வறைக்கே வந்திருக்க மாட்டார்கள். ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் இதனால் கூடுதலாகக் கற்றாளா, குறைவாகக் கற்றாளா என்று இந்த எண்களால் சொல்ல முடியாது. எழுதுபவர்களின் கூட்டமே மாறிவிட்டதால், சராசரியை வைத்து எதையும் சொல்ல முடியாத நிலை. அதனால் "தரம்" என்ற சொல்லையே எடுத்துவிட்டு, இரண்டு எண்ணிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.

அந்த இடத்தில் மாணவி ஆர்வத்தோடு ஒரு புது வாக்கியம் சேர்த்தார்: "ஆகவே புதிதாக வரும் மாணவிகளுக்கு மாலை நேரச் சிறப்பு வகுப்புகள் நடத்த வேண்டும்." கேட்க நியாயமாக இருந்தது, எனக்கும் பிடித்தது. ஆனால் சிறப்பு வகுப்பு பலன் தருமா என்பதைப் பற்றி இந்தத் தரவில் ஒரு வரிகூட இல்லை. ஓர் எண் ஒரு பிரச்சினையைக் காட்டுகிறது என்பதாலேயே, நம் மனதில் இருக்கும் தீர்வுக்கு அது ஆதாரம் ஆகிவிடாது. அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு, "சேர்க்கையில் வந்த உயர்வைக் கற்றலில் வந்த உயர்வாகக் கணக்கிடக் கூடாது" என்று மட்டும் வைத்தோம். இதுவும் பரிந்துரைதான், ஆனால் இரண்டு எண்களிலிருந்தும் நேரடியாக வருகிறது.

எதோடு ஒப்பிட்டோம்?

மொத்தப் பத்தியிலும் அதிகம் வழுக்கும் வாக்கியம் மூன்றாவது: "புதிய பள்ளிகள் கட்டுவதையும் உதவித்தொகை தருவதையும் விட இதுவே சிக்கனமான வழி." இதற்கு நாங்கள் மிகுந்த நேரம் எடுத்துக்கொண்டோம். பொருளாதாரக் கட்டுரைகளின் கடைசிப் பத்திகளில் நான் அதிகம் பார்க்கும் தவறும் இதுதான்.

ட்ரிபிள் டிஃபரன்ஸ் எத்தனை முறை கழித்தாலும், கடைசியில் அது பதில் சொல்லும் கேள்வி ஒன்றே ஒன்று: சைக்கிள் திட்டம் இருந்தபோது நடந்தது, அது இல்லாதிருந்தால் நடந்திருக்கக்கூடியதிலிருந்து எவ்வளவு வேறுபட்டது? அதாவது ஒப்பீடு, சைக்கிளுக்கும் ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும் இடையில். ஆனால் பாட்னாவில் உட்கார்ந்து நிதி ஒதுக்கும் ஒருவர் கையில் இருக்கும் கேள்வி வேறு. அவரிடம் ஒரு தொகை இருக்கிறது; அதைச் சைக்கிளுக்குத் தரலாம், ரொக்கமாகத் தரலாம், எட்டாம் வகுப்போடு நிற்கும் பள்ளியை உயர்நிலைப்பள்ளி ஆக்கலாம், பேருந்து விடலாம். அவருக்குத் தேவையான ஒப்பீடு சைக்கிளுக்கும் மற்ற வழிகளுக்கும் இடையில். "சைக்கிள் வேலை செய்தது" என்பதிலிருந்து "சைக்கிள்தான் சிறந்தது" என்பதற்கு நாம் ஒரே வாக்கியத்தில் தாவும்போது, இந்த இரண்டு கேள்விகளையும் சத்தமில்லாமல் மாற்றிவிடுகிறோம்.

இங்கே மாணவி நியாயமாகவே எதிர்த்தார். "மூல ஆய்விலேயே இருக்கே அக்கா. ரொக்கத் திட்டங்களை விட இது சிக்கனம்னு அவங்களே சொல்லியிருக்காங்க." உண்மைதான். தெற்காசியாவில் மாணவிகளுக்கு நிபந்தனையோடு ரொக்கம் தந்த திட்டங்களோடு ஒப்பிட்டு, சேர்க்கையைக் கூட்டுவதில் சைக்கிள் திட்டம் செலவுக்கு அதிகப் பலன் தந்ததாக ஆய்வாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அது எப்படிப்பட்ட ஒப்பீடு என்று பார்க்க வேண்டும். ஒரே ஊரில் சிலருக்குச் சைக்கிளும் சிலருக்கு அதே அளவு ரொக்கமும் தந்து பார்த்த ஒப்பீடு இல்லை. வேறு இடத்தில், வேறு ஆண்டில், வேறு குழு செய்த ஆய்வின் எண்ணை எடுத்துப் பக்கத்தில் வைத்தது. அப்படிச் செய்வதில் தவறில்லை, பல நேரங்களில் நம்மிடம் இருப்பதும் அதுதான். ஆனால் தொடக்கச் சேர்க்கை வேறு, பள்ளிகளின் தூரம் வேறு, காலம் வேறு. இவ்வளவு வேறுபாடுகளுக்கு நடுவில் கிடைத்த ஒரு விகிதத்தை "இதுவே சிக்கனமான வழி" என்று எழுதினால், அது எங்கெங்கிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்டது என்பது படிப்பவருக்குத் தெரியாமல் போகிறது. பள்ளி கட்டுவதோடு ஒப்பீடு என்பது அந்தக் கட்டுரையிலேயே இல்லை.

ஆக மூன்றாம் வாக்கியத்துக்கு இரண்டு வழிகள். செலவு ஒப்பீட்டை விரிவாகச் செய்து, எந்த ஆய்விலிருந்து எந்த எண்ணை எடுத்தோம் என்று காட்டி, அதைக் கட்டுரையின் ஒரு பகுதியாகவே வைப்பது ஒன்று. ஒப்பிடவில்லை என்று நேராகச் சொல்வது இன்னொன்று. வகுப்புக் கட்டுரைக்கு இடம் போதாது என்பதால் இரண்டாவதை எடுத்தோம். இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. "ஒப்பிடவில்லை" என்பதைக் கட்டுரையின் குறைகளைச் சொல்லும் பகுதியில் ஒளித்து வைக்கக் கூடாது, பரிந்துரை இருக்கும் அதே பத்தியில் வைக்க வேண்டும். அதிகாரியும் பத்திரிகையாளரும் வெட்டி எடுத்துக்கொண்டு போவது அந்தப் பத்தியைத்தான். எச்சரிக்கை நான்கு பக்கம் முன்னால் இருந்தால் அது அங்கேயே தங்கிவிடும்.

யாருக்கு, எந்த ஊருக்கு?

"எல்லா மாநிலங்களும்" என்ற சொல்லுக்கு ஆய்வே பதில் வைத்திருக்கிறது. கிராமத்திலிருந்து உயர்நிலைப்பள்ளி எவ்வளவு தூரம் என்று பிரித்துப் பார்த்தபோது, சேர்க்கை கூடியது பெரும்பாலும் தூரத்து ஊர்களில்தான். 3 கிலோமீட்டரும் அதற்கு மேலும். பள்ளி பக்கத்திலேயே இருந்த ஊர்களில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சைக்கிள் எதனால் வேலை செய்தது என்பதற்கு இதுதான் நல்ல சான்று. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தால் பணம் கிடைக்கும் என்பது மட்டும்தான் காரணம் என்றால், பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர்ப் பெண்ணும் அதே அளவு சேர்ந்திருக்க வேண்டும். தூரம் குறைந்ததுதான் காரணம் என்றால், தூரம் இருந்த இடத்தில்தான் பலன் தெரிய வேண்டும். தெரிந்தது.

இதைப் பேசி முடித்ததும் மாணவி உற்சாகத்தோடு எழுதிய திருத்தம்: "ஆகவே பள்ளி 3 கி.மீ.-க்கு அப்பால் உள்ள கிராமங்களின் மாணவிகளுக்கு மட்டும் சைக்கிள் வழங்க வேண்டும்." ஆதாரத்தோடு ஒட்டி நிற்பது போலத்தான் தெரிகிறது. ஆனால் இதுவும் அத்துமீறல்தான், இன்னொரு பக்கமாக. 3 கிலோமீட்டர் என்பது ஊர்களை அருகில், தொலைவில் என்று பிரிக்க வைத்துக்கொண்ட கோடு. அதைத் தாண்டியதும் பலன் திடீரென்று பிறப்பதில்லை. மிகத் தொலைவான ஊர்களில் சைக்கிளும் போதாமல் பலன் மறுபடி இறங்குகிறது.

அதைவிட முக்கியம், சோதிக்கப்பட்ட திட்டம் எல்லாருக்கும் தந்த திட்டம். ஒரே வகுப்பின் பெண்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் சைக்கிள் வாங்கி, கூட்டமாக ஓட்டிப் போனார்கள். கூட்டமாகப் போவதால் வரும் பாதுகாப்பும் பலனுக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே கருதுகிறார்கள். சிலருக்கு மட்டும் கொடுத்தால் அந்தக் கூட்டம் இருக்குமா? யாருக்குத் தகுதி என்று ஊர் ஊராக முடிவுசெய்யும்போது என்னென்ன தகராறு வரும்? அந்தத் திட்டத்தை இந்த ஆய்வு சோதிக்கவில்லை. பலன் எங்கே கூடுதலாக இருந்தது என்பது ஆதாரம். அங்கே மட்டும் கொடுத்தாலும் அதே பலன் வரும் என்பது ஊகம். இந்த வேறுபாட்டை விளக்கத்தான் எனக்கு அதிக நேரம் ஆனது. இரண்டாம் மாலை முழுக்க இதற்கே போனது.

தமிழ்நாட்டைப் பற்றிய வாக்கியத்தை நாங்கள் மாற்றி எழுதவில்லை, நீக்கிவிட்டோம். இங்கே சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளில், ஆண், பெண் இருவருக்கும் கிடைக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பேருந்துப் பயணமும் உண்டு. பீகாரில் கண்டது, எட்டாம் வகுப்பு முடித்த பெண் ஒன்பதாம் வகுப்பில் சேர்கிறாளா என்பது. இரண்டு இடத்திலும் பெயர் சைக்கிள் திட்டம்தான், ஆனால் படிப்பு நின்றுபோகும் இடமும் காரணமும் வேறாக இருக்கும்போது ஒன்றின் எண்ணை இன்னொன்றுக்குக் கொண்டுபோக முடியாது. மாணவிக்கு இதில் கொஞ்சம் வருத்தம். அவரே பிளஸ் ஒன்னில் அந்தச் சைக்கிளில் போனவர். அந்த அனுபவத்தை முன்னுரையில் எழுதலாம் என்றேன். எழுதினார், நன்றாகவும் இருந்தது.

சமூகப் பார்வை, குழந்தைத் திருமணம், வேலை என்று போகும் நான்காம் வாக்கியத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கணக்கெடுப்பு 2007–08-இல் நடந்தது. அப்போது அந்தப் பெண்களுக்கு வயது 14, 15. அவர்களின் பிற்காலத் திருமணமும் வேலையும் அந்தத் தரவில் இருக்கவே முடியாது. சமூகப் பார்வை பற்றி மட்டும் ஒரு நுட்பம் உண்டு: மூல ஆய்வாளர்களும் அதைப் பேசுகிறார்கள், ஆனால் திட்டத்தின் பலன் அதன் பண மதிப்பைத் தாண்டி இருந்ததற்கு அது ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்ற அளவில்தான். அவர்கள் ஒரு முடிவுக்கு விளக்கமாகச் சொன்னதை, மாணவி இனி வரப்போகும் பலனாக எழுதிவிட்டார். "இருக்கக்கூடும்" என்பது "மாற்றும்" ஆவது இப்படித்தான், எடுத்து எழுதும்போது.

இத்தனையும் பேசிய பிறகு மாணவி அனுப்பிய இரண்டாம் வரைவைப் பார்த்து எனக்குக் கவலையாகிவிட்டது. அதில் இப்படி ஒரு வாக்கியம்: "சில சூழல்களில், சில வரையறைகளுக்கு உட்பட்டு, சைக்கிள் வழங்குவது ஓரளவு பயன் தரக்கூடும் எனக் கருத இடமுண்டு, எனினும் மேலும் ஆய்வு தேவை." அடி வாங்கியவர் எழுதும் வாக்கியம் இது. இதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் செய்தியும் எதுவும் இல்லை. எந்தச் சூழல், எந்த வரையறை என்று ஆய்வுக்கே தெரியும்போது அதைச் சொல்லாமல் விடுவது, அளவுக்கு மீறிச் சொல்வதைப் போலவே ஆதாரத்துக்குச் செய்யும் அநியாயம். "சில சூழல்களில்" என்ற இடத்தில் தூரத்தை வைக்கச் சொன்னேன். "ஓரளவு" என்ற இடத்தில் எண்ணை வைக்கச் சொன்னேன். "மேலும் ஆய்வு தேவை" என்ற இடத்தில், எந்த ஒப்பீடு இல்லை என்று குறிப்பாக எழுதச் சொன்னேன். ஐயச் சொற்களில் பாதி தானாகவே உதிர்ந்துவிட்டன.

ஒரே ஒரு ஐயத்தை மட்டும் நான் விட மனமில்லாமல் வைத்துக்கொள்ளச் சொன்னேன். ட்ரிபிள் டிஃபரன்ஸ் ஓர் அனுமானத்தின் மீது நிற்கிறது: சைக்கிள் இல்லாதிருந்தால், பெண்களுக்கும் ஆண்களுக்கும் உள்ள இடைவெளி பீகாரிலும் ஜார்க்கண்டிலும் ஒரே போக்கில் மாறியிருக்கும். பீகாரில் சட்டம் ஒழுங்கு மேம்பட்டது ஆண்பிள்ளைகளை விடப் பெண்பிள்ளைகளுக்கு, அதிலும் தூரத்து ஊர்ப் பெண்களுக்கு, அதிகம் உதவியிருந்தால்? தூரத்தை வைத்துப் பார்த்த சோதனையும் அதை முழுசாக விலக்கிவிடாது. கண்ட விடையை இது கவிழ்க்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் "சைக்கிளால்" என்று எழுதும்போது அந்த அனுமானத்தையும் ஒரு சொல்லிலாவது சுமக்க வேண்டும்.

கடைசியில் போன பத்தி இது:

"பீகாரில் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகள் எல்லாருக்கும் சைக்கிள் வாங்கப் பணம் தரப்பட்டபோது, உரிய வயதில் இடைநிலைக் கல்விக்கு வந்த பெண்களின் பங்கு சுமார் 5 சதவீதப் புள்ளி (முன்பிருந்ததன் மீது 32 சதவீதம்) கூடியது. பாலின இடைவெளி இரு மாநிலங்களிலும் ஒரே போக்கில் மாறியிருக்கும் என்ற அனுமானத்தின்மேல் இந்த மதிப்பீடு நிற்கிறது. கூடுதல் சேர்க்கை பெரும்பாலும் உயர்நிலைப்பள்ளி 3 கி.மீ. அல்லது அதற்கு அப்பால் இருந்த ஊர்களில் நிகழ்ந்தது. ஆகவே, எட்டாம் வகுப்புக்குப் பின் பெண்கள் தூரத்தின் காரணமாகப் படிப்பை நிறுத்தும் பகுதிகளில், பள்ளி சைக்கிளில் போய்வரும் தொலைவில் இருந்தால், எல்லா மாணவிகளுக்குமான சைக்கிள் திட்டத்தை அரசுகள் பரிசீலிக்கலாம். பள்ளி அருகில் இருந்தும் சேர்க்கை குறைவாக உள்ள இடங்களில் இதே பலனை எதிர்பார்க்க எங்கள் முடிவுகள் இடம் தரவில்லை. தேர்வு எழுதியவர்கள் 18 சதவீதமும் தேர்ச்சி பெற்றவர்கள் 12 சதவீதமும் கூடினர். சேர்க்கையில் வந்த உயர்வைக் கற்றலில் வந்த உயர்வாகக் கணக்கிடக் கூடாது. சைக்கிளை, அதே தொகையை ரொக்கமாகத் தருவதோடோ புதிய பள்ளி திறப்பதோடோ இந்த ஆய்வு நேரடியாக ஒப்பிடவில்லை."

பழைய பத்தியை விட இது நீளம். "வேண்டும்" என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை; "பரிசீலிக்கலாம்" ஓரிடத்தில், "கூடாது" ஓரிடத்தில். இதையும் அச்செடுத்து, ஓரத்தில் எண் எழுதிப் பார்த்தோம். ஒப்பிடவில்லை என்னும் கடைசி வாக்கியம் தவிர எல்லாவற்றுக்கும் ஓர் அட்டவணையோ, முறையியல் பகுதியின் ஒரு பத்தியோ கிடைத்தது. நான்காம் வாக்கியத்துக்கு மட்டும் இரண்டு அட்டவணைகளைச் சேர்த்து எழுத வேண்டியிருந்தது.

கைடு இந்த முறை ஒரே ஓர் இடத்தில் கோடு போட்டிருந்தார், "சைக்கிளில் போய்வரும் தொலைவு" என்பதன் கீழ். எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டிருந்தார். தூரத்தை வைத்து வரைந்த வளைவில் பலன் எங்கே இறங்கத் தொடங்குகிறது என்று பார்த்து, மிகத் தொலைவில் ஊர்கள் எத்தனை இருக்கின்றன, அங்கே மதிப்பீடு எவ்வளவு ஆடுகிறது என்பதையும் எண்ணிவிட்டு எழுதுவதாக மாணவி சொல்லியிருக்கிறார்.